கனிவான கடிதம் ஏன் வயிற்றைக் கலக்குகிறது?

கேள்வி: கோவையில் பம்ப் உதிரிபாகம் செய்யும் ஒரு நிறுவனத்தில் எச்.ஆர். ஆக இருக்கிறேன். மொத்தம் 80 பேர் வேலை செய்கிறோம். பெரிய ஏற்றுமதி ஆர்டர் ஒன்று கைவிட்டுப் போனதால் 14 பேரைக் குறைக்க முதலாளி முடிவு செய்திருக்கிறார். அறிவிப்பை நான்தான் எழுத வேண்டும். யார் மனமும் புண்படக் கூடாதென்று பார்த்துப் பார்த்து எழுதினேன். முதலாளிக்குப் பிடித்துவிட்டது. எங்கள் பழைய அக்கவுண்டன்ட் மட்டும் படித்துவிட்டு, "இதப் படிச்சா வயித்தக் கலக்குதுங்கம்மா" என்றார். இவ்வளவு கனிவாக எழுதியும் ஏன் இப்படி? கடிதத்தை இத்துடன் அனுப்பியிருக்கிறேன். ஊர் மட்டும் போதும், பெயர் வேண்டாம்.

பதில்: ஆட்குறைப்புப் பற்றி எனக்கு வரும் கேள்விகளில் பெரும்பாலானவை "சட்டப்படி எவ்வளவு குறைவாகக் கொடுக்கலாம்?" என்ற ரகம். கடிதம் ஏன் பயமுறுத்துகிறது என்று கேட்டவர் நீங்கள்தான். உங்கள் அக்கவுண்டன்ட் சொன்னது சரி. கடிதத்தைப் படித்த எனக்கும் கலக்கியது, நான் உங்கள் ஊழியன்கூட இல்லை!

கடுமையான சொற்கள்தான் ஊழியர்களைக் காயப்படுத்துகின்றன, அவற்றை மென்மையாக்கிவிட்டால் கருணையான அறிவிப்பாகிவிடும் என்று பொதுவாக நினைக்கிறோம். உங்கள் கடிதமும் அந்த நம்பிக்கையில்தான் எழுதப்பட்டிருக்கிறது. முதல் பத்தியில் நிறுவனம் வளர்ந்த கதை. இரண்டாவதில் "நாம் எல்லோரும் ஒரே குடும்பம்." மூன்றாவதில் உலகச் சந்தை நிலவரம். நான்காவதில் "சில கடினமான முடிவுகளை எடுக்க வேண்டிய கட்டாயம்." ஐந்தாவதில்தான், அதுவும் "மறுசீரமைப்பின் ஒரு பகுதியாக" என்ற போர்வைக்குள், சிலர் போக வேண்டியிருக்கும் என்ற செய்தி வருகிறது. எத்தனை பேர், யார், எப்போது, என்ன பணம் என்று எதுவுமே இல்லை. "பாதிக்கப்படுவோருக்கு உரிய உதவி உரிய நேரத்தில் அறிவிக்கப்படும்" என்று முடித்திருக்கிறீர்கள்.

இதை லேத் அருகே நின்றுகொண்டு படிக்கும் ஒருவரை நினைத்துப் பாருங்கள். "கடினமான முடிவு" என்ற இரண்டு சொற்களைப் பார்த்ததுமே அவருக்கு விஷயம் புரிந்துவிடும். அதற்குப் பிறகு அவர் மனதில் ஓடுவது ஒரே கேள்வி: நானா? அதற்குப் பதில் கிடைக்கும்வரை வேறெதுவும் காதில் ஏறாது. நீங்கள் உருகி எழுதிய வரிகளையெல்லாம் தாண்டித் தாண்டித் தன் பெயரைத் தேடுவார். பெயர் இல்லை, தேதியும் இல்லை. ஆக 14 பேருக்குப் போய்ச் சேர வேண்டிய கெட்ட செய்தி 80 பேருக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது. அத்தனை பேர் வயிற்றையும் கலக்குவது உங்கள் சொற்கள் இல்லை, அவற்றுக்கு நடுவே விட்டுவைத்த வெற்றிடம். மென்மை கூடக்கூட அந்த வெற்றிடம் பெரிதாகிறது. "இவ்வளவு பக்குவமா பேசறாங்கன்னா ஏதோ பெருசா வரப்போவுது" என்பதுதான் தொழிலாளியின் கணக்கு. அனுபவத்தில் வந்த கணக்கு அது.

இந்தத் துறையில் இருப்பவர்கள் திரும்பத் திரும்ப எடுத்துப் பார்க்கும் ஒரு கடிதத்தைச் சொல்கிறேன். வீடுகளைத் தங்குவதற்கு வாடகைக்கு எடுத்துக்கொடுக்கும் அமெரிக்க நிறுவனமான ஏர்பிஎன்பியின் தலைமை நிர்வாகி பிரையன் செஸ்கி 2020 மே 5 அன்று தம் ஊழியர்களுக்கு எழுதியது. கொரோனா ஊரடங்கில் உலகமே பயணத்தை நிறுத்தியிருந்த நேரம். இலக்கிய நயமெல்லாம் அதில் பெரிதாகக் கிடையாது. முதல் பத்தியிலேயே ஆட்களைக் குறைக்கிறோம் என்று நேராகச் சொல்லிவிடுகிறார். 7,500 பேரில் ஏறக்குறைய 1,900 பேர், அதாவது நான்கில் ஒருவர், போக வேண்டியிருக்கும் என்ற எண்ணிக்கையும் வந்துவிடுகிறது.

காரணத்தையும் "சந்தை நிலவரம்" என்று பூசி மெழுகவில்லை. அந்த ஆண்டு வருமானம் 2019 வருமானத்தில் பாதிகூட வராது என்று கணித்திருக்கிறோம். 200 கோடி டாலர் புதிதாகத் திரட்டினோம், செலவையும் வெட்டினோம். பயணம் எப்போது திரும்பும் என்று தெரியாது, திரும்பும்போது பழையபடி இருக்காது என்பதால் அவை மட்டும் போதவில்லை என்று வரிசையாக வருகிறது. அடுத்து, எந்தத் தொழில்களை நிறுத்துகிறோம், எவற்றைச் சுருக்குகிறோம் என்று பெயர் சொல்கிறார். போக்குவரத்துத் திட்டமும் படத் தயாரிப்பும் நிறுத்தம். ஹோட்டல், சொகுசு வீடுகள் ஆகியவற்றில் முதலீடு குறைப்பு.

பிறகு பணம். அமெரிக்காவில் இருப்பவர்களுக்கு 14 வார அடிப்படைச் சம்பளம், அதன்மேல் வேலை பார்த்த ஒவ்வொரு ஆண்டுக்கும் ஒரு வாரம். இதை அங்கே செவரன்ஸ் என்பார்கள், வேலையை விட்டு அனுப்பும்போது தரும் இழப்பீடு. மருத்துவக் காப்பீடு 12 மாதத்துக்குத் தொடரும். கொடுத்த லேப்டாப்பை அவர்களே வைத்துக்கொள்ளலாம். புது ஆள் எடுக்கும் பிரிவில் இருந்தவர்களில் ஒரு பகுதியினர், ஆண்டு முடியும்வரை, போகிறவர்களுக்கு வெளியே வேலை தேடிக்கொடுப்பார்கள்.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது பங்கு பற்றிய வரி. சேர்ந்து ஓராண்டு முடிந்தால்தான் ஊழியருக்கு ஒதுக்கிய பங்கு கைக்கு வரும் என்பது அங்கே வழக்கமான நிபந்தனை. வேலை இழப்பவர்களுக்கு அந்த ஓராண்டுத் தடையை நீக்கிவிட்டார்கள். ஏழே மாதத்தில், 2020 டிசம்பரில், நிறுவனம் பங்குச் சந்தைக்கு வந்தது. பத்து மாதமே வேலை பார்த்துவிட்டு வெளியே போனவர் கையிலும் பங்கு இருந்தது. "உங்கள் உழைப்பை மறக்க மாட்டோம்" என்று எழுதுவதற்கும் இதற்கும் உள்ள தூரத்தைப் பாருங்கள்.

கடைசியாக நாள்காட்டி. அமெரிக்கா, கனடாவில் வேலை இழப்பவர்களுக்கு அடுத்த சில மணி நேரத்துக்குள் சந்திப்பு அழைப்பு வரும். அவர்களுக்குக் கடைசி வேலைநாள் மே 11 திங்கட்கிழமை; விடைபெறுவதற்கு இடம் கொடுக்க அந்த நாள். எல்லாம் சொல்லி முடித்த பிறகு, ஏறக்குறைய கடைசி வரியில்தான் மன்னிப்புக் கேட்கிறார், இது உங்கள் தவறு இல்லை என்கிறார். அதற்குள் படிப்பவருக்கு எண்களும் தேதிகளும் தெரிந்துவிட்டன. அந்த நிலையில் வரும் மன்னிப்பு காதில் விழும்.

இன்னொன்றையும் செஸ்கி சொல்லியிருந்தார்: விவரங்கள் எல்லாம் முடிவாகும்வரை காத்திருந்துதான் அறிவிக்கிறோம், அரைகுறையாகச் சொல்வது நிலைமையை இன்னும் மோசமாக்கும் என்று. உங்கள் கடிதத்தின் கோளாறு இதுவேதான். சொல்ல விவரம் தயாராகாத நிலையில் எழுதப்பட்டிருக்கிறது. முதலில் விவரத்தைத் தயார் செய்யுங்கள், கடிதத்தைப் பிறகு எழுதலாம்.

விவரம் தயாராக இருந்தும் வரிசை தவறினால் என்ன ஆகும் என்பதற்கு இன்னொரு அமெரிக்க நிறுவனம். வீட்டுக் கடன் தரும் பெட்டர் டாட் காம், 2021 டிசம்பரில் சுமார் 900 பேரை ஒரே ஜூம் கூட்டத்தில் சில நிமிடங்களில் வேலையிலிருந்து நீக்கியது. அந்த வீடியோ உலகம் முழுக்கச் சுற்றியது. அடுத்த மார்ச்சில் இன்னும் பெரிய அளவில் குறைத்தபோது வேறொன்று நடந்தது: யாரும் வாய் திறந்து சொல்வதற்கு முன்பே சிலருடைய சம்பளக் கணக்கில் இழப்பீட்டுத் தொகை ஏறியிருந்தது. செய்தியை அவர்களுக்குச் சொன்னது பேரோல் மென்பொருள். உங்கள் இடத்திலும் இது நடக்கலாம். மென்பொருள் இல்லாவிட்டால் கேட்டில் கைரேகை வைக்கும் மெஷின் முந்திக்கொண்டு சொல்லும். கணக்குப் பிரிவு, ஐ.டி., செக்யூரிட்டி மூவரிடமும் "இந்த நேரத்துக்கு முன்னால் எதையும் தொடாதீர்கள்" என்று மணி குறித்துச் சொல்லிவையுங்கள்.

இனி உங்கள் 14 பேருக்கு வருவோம். ஒரு விஷயத்தில் மட்டும் செஸ்கியைப் பின்பற்ற வேண்டாம். அவருடைய ஊழியர்கள் பல நாடுகளில் அவரவர் வீட்டில் இருந்தார்கள், அதனால் கடிதம் முதலில், தனிச் சந்திப்பு பிறகு என்ற வரிசை அங்கே சரி. உங்கள் 80 பேரும் ஒரே ஷெட்டில் இருக்கிறார்கள். கடிதம் முதலில் போனால், சந்திப்புக்கு யாரைக் கூப்பிடுகிறார்கள் என்று மற்றவர்கள் எண்ணிக்கொண்டிருப்பார்கள். ஆகவே தனிச் சந்திப்பு முதலில். ஒருவருக்குக் கால் மணி நேரம் வீதம் இரண்டு அறைகளில் நடத்தினால், காலை 9:30க்குத் தொடங்கி 11:15க்குள் 14 பேரிடமும் பேசிவிடலாம். 11:30க்குப் பொதுக்கடிதம். ஒரு அறையில் முதலாளியே உட்கார வேண்டும். முடிவு எடுத்தவர் மாடியில் இருந்துகொண்டு உங்களை மட்டும் அனுப்பினால் எந்தக் கடிதமும் அதை ஈடுகட்டாது. சனிக்கிழமை மாலை வேண்டவே வேண்டாம். அன்று சொன்னால் ஞாயிறு முழுக்க அவர்களுக்குக் கேள்வி மட்டும் இருக்கும், கேட்க ஆள் இருக்காது. செவ்வாய்க்கிழமை நல்லது.

அந்தக் கால் மணி நேரத்தில் ஒவ்வொருவர் கையிலும் ஒரு தாள் கொடுங்கள். அதில் அவருடைய கணக்கு மட்டும் இருக்கட்டும். உதாரணத்துக்கு, 7 ஆண்டு 8 மாதம் வேலை பார்த்த ஒரு மெஷின் ஆபரேட்டர். அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்த்து மாதம் 26,000 ரூபாய், வேறு படி இல்லை என்று வைத்துக்கொள்வோம். தொழிலாளியை ஆட்குறைப்பில் அனுப்பும்போது ஒரு மாத முன்னறிவிப்பு அல்லது அதற்கான சம்பளம், வேலை பார்த்த ஆண்டுக்கு 15 நாள் சராசரிச் சம்பளம் என்பது பழைய தொழில் தகராறுச் சட்டத்தில் இருந்த விதி, புதிய தொழில் உறவுகள் தொகுப்பிலும் தொடர்கிறது. ஆறு மாதத்துக்கு மேற்பட்ட மிச்சம் ஒரு முழு ஆண்டாக எண்ணப்படும் என்பதால் இவருக்கு 8 ஆண்டு. 13,000 வீதம் எட்டு ஆண்டுக்கு 1,04,000. முன்னறிவிப்புக்குப் பதிலான சம்பளம் 26,000. இதோடு கிராச்சுட்டி, அதாவது ஐந்தாண்டு தாண்டியவருக்குச் சேரும் பணிக்கொடை. அதை மாதம் 26 நாள் என்று கணக்கிட்டு ஆண்டுக்கு 15 நாள் தர வேண்டும். 15,000 வீதம் எட்டுக்கு 1,20,000. இவை மூன்றும் சேர்த்து இரண்டரை லட்சம். எடுக்காத விடுப்புக்கான பணம் தனி.

இந்த இரண்டரை லட்சம் முதலாளியின் கருணை இல்லை, சட்டம் சொல்வது. உங்கள் கடிதத்தில் "உரிய உதவி" என்று எழுதியிருக்கிறீர்களே, அதைச் சட்டப்படி தர வேண்டியது, நிறுவனமாக விரும்பித் தருவது என்று இரண்டாகப் பிரித்து எழுதுங்கள். கொடுத்தே ஆக வேண்டியதைப் பரிசு மாதிரி நீட்டினால் தொழிலாளிக்கு உடனே தெரிந்துவிடும், சங்கக்காரர்களுக்கு அதற்கும் முன்பே தெரிந்துவிடும். இரண்டாவது பட்டியலில் எழுத எதுவும் இல்லையென்றால் எழுதாமலே விட்டுவிடலாம். ஆனால் முதலாளியிடம் ஒருமுறை கேட்டுப் பாருங்கள். நிலுவையில் இருக்கும் கைமாற்று முன்பணத்தைத் தள்ளுபடி செய்யலாம். ஊரில் மற்ற பம்ப் கம்பெனிக்காரர்களுக்கு அவரே போன் போட்டு ஆள் சொல்லலாம். பின்னது காசில்லாத உதவி. கோவையில் அது பல நேரம் பணத்தைவிடச் சீக்கிரம் வேலை செய்யும்.

இழப்பீட்டை வேலையிலிருந்து நீக்கும் அந்த நேரத்திலேயே கொடுத்துவிட வேண்டும் என்பது சட்டத்தின் நிபந்தனை. "கிளியரன்ஸ் முடிந்த பிறகு, 45 நாளில் எஃப் அண்ட் எஃப்" என்று இழுக்கும் பழக்கம் பல இடங்களில் இருக்கிறது. எஃப் அண்ட் எஃப் என்பது கடைசிக் கணக்குத் தீர்ப்பது. ஆட்குறைப்பில் இழப்பீட்டை அப்படி இழுத்தால் நீக்கமே செல்லாது என்று வழக்காகும். அதைவிட மோசமான பழக்கம் ஒன்று உண்டு: "நீங்களாகவே பேப்பர் போட்டுவிடுங்கள், அதுதான் உங்களுக்கு மரியாதை" என்று ராஜினாமா எழுதி வாங்குவது. ராஜினாமா செய்தவருக்கு ஆட்குறைப்பு இழப்பீடு கிடையாது. மரியாதையின் விலை இங்கே 1,04,000 ரூபாய், அதைக் கட்டுவது தொழிலாளி. உங்கள் முதலாளி அந்த யோசனையைச் சொன்னால் இந்தப் பக்கத்தைக் காட்டுங்கள். இந்தச் சட்ட விதிகள் தொழிலாளிகளுக்கானவை என்பதால், 14 பேரில் மேலாளர் யாராவது இருந்தால் அவருடைய நியமனக் கடிதத்தில் என்ன இருக்கிறதோ அதைப் பாருங்கள். அரசுக்குத் தர வேண்டிய நோட்டீஸையும் உங்கள் வக்கீலிடம் சொல்லித் தயாராக வைத்திருங்கள்.

காரணம் எழுதும்போது இரண்டு காரணம் வேண்டும். ஆட்குறைப்பு ஏன் என்பது ஒன்று, இந்த 14 பேர் ஏன் என்பது மற்றொன்று. எல்லோரும் முதலாவதை எழுதிவிட்டு இரண்டாவதை விட்டுவிடுவார்கள், ஆனால் ராத்திரி தூக்கத்தைக் கெடுப்பது இரண்டாவதுதான். "போன மாசம் ஃபோர்மேனோட வாக்குவாதம் பண்ணினேனே, அதனாலயா?" என்று ஒருவர் புரண்டுகொண்டிருப்பார். ஒரே வகை வேலையில் கடைசியாகச் சேர்ந்தவர் முதலில் போவது என்பது சட்டம் சொல்லும் பொதுவான முறை. அதை மாற்றினால் காரணத்தை எழுதிவைக்க வேண்டும். எந்த முறையில் தேர்ந்தெடுத்தீர்களோ அதை ஒரே வாக்கியத்தில் பொதுக்கடிதத்திலேயே சொல்லிவிடுங்கள். சொல்லக் கூச்சமாக இருந்தால், முறையில்தான் ஏதோ கோளாறு. கடிதத்தை ஓரமாக வைத்துவிட்டுப் பட்டியலை மறுபடி பாருங்கள்.

இப்போது உங்கள் கடிதத்தின் தொடக்கம் இப்படி இருக்கலாம்:

"நம் நிறுவனத்தில் 14 பேரை வேலையிலிருந்து விடுவிக்க முடிவு செய்திருக்கிறேன். அந்த 14 பேரிடமும் இன்று காலை நேரில் பேசிவிட்டோம். உங்களை யாரும் அழைக்கவில்லை என்றால் உங்கள் வேலையில் மாற்றம் இல்லை. நம் உற்பத்தியில் மூன்றில் ஒரு பங்கை வாங்கிக்கொண்டிருந்த ஏற்றுமதி வாடிக்கையாளர் ஜனவரியோடு ஆர்டரை நிறுத்திவிட்டார். ஓவர்டைமை நிறுத்தினோம், புது மெஷின் வாங்குவதைத் தள்ளிப்போட்டோம். அது போதவில்லை. அந்த ஆர்டருக்காக ஓடிய இரண்டாவது ஷிஃப்டை நிறுத்துகிறோம். ஒவ்வொரு பிரிவிலும் கடைசியாகச் சேர்ந்தவர்கள் என்ற முறையில் பட்டியல் போடப்பட்டது. வேலைத்திறனோ நடத்தையோ இதில் பார்க்கப்படவில்லை. அவர்களுடைய கடைசி நாள் மார்ச் 20 வெள்ளி. அன்று மாலைக்குள் முழுப் பணமும், ரிலீவிங் லெட்டரும், அனுபவச் சான்றும் அவர்கள் கையில் இருக்கும்."

"மூன்றில் ஒரு பங்கு", "ஜனவரி" போன்றவை நான் வைத்த இடநிரப்பிகள், உங்கள் உண்மையான எண்களைப் போட்டுக்கொள்ளுங்கள். மூன்றாவது வாக்கியத்தைக் கவனியுங்கள். மிச்சம் 66 பேரும் மூச்சுவிடுவது அங்கேதான். அதற்குப் பிறகுதான் காரணத்தைப் பொறுமையாகப் படிப்பார்கள். "முடிவு செய்திருக்கிறேன்" என்று முதலாளியே ஒருமையில் சொல்வதும் வேண்டுமென்று வைத்ததுதான். உங்கள் கடிதத்தில் "முடிவு எடுக்கப்பட்டுள்ளது" என்று இருந்தது, எடுத்தவர் யார் என்றே தெரியவில்லை. ஒரே குடும்பம் என்ற வரியை எடுத்துவிடுங்கள். குடும்பத்திலிருந்து 14 பேரை நோட்டீஸ் கொடுத்து அனுப்புவதில்லை.

தனித்தாளில் இன்னும் இரண்டு வரி சேருங்கள், மறந்துபோவது இவைதான். குரூப் மருத்துவக் காப்பீடு எந்தத் தேதியோடு நிற்கிறது என்பது ஒன்று. பெரும்பாலும் கடைசி வேலைநாளோடு நின்றுவிடும். 14 பேரில் ஒருவர் மனைவிக்கு அடுத்த மாதம் பிரசவம் என்று இருந்தால் அவருக்கு இரண்டரை லட்சத்தைவிட இதுதான் பெரிய செய்தி. அதே காப்பீட்டு நிறுவனத்தில் தனிநபர் பாலிசியாக மாற்றிக்கொள்ள வழி இருக்கிறதா, எத்தனை நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும் என்று நீங்களே முன்கூட்டிப் பேசி எழுதிக்கொடுங்கள். மற்றொன்று பி.எஃப். கணக்கில் வெளியேறிய தேதியை நீங்கள் ஏற்றும் நாள். அது ஏறாவிட்டால் பணம் எடுக்கப் போகிறவர் அலைவார், உங்களுக்கு அது ஐந்து நிமிட வேலை.

மிச்சம் இருப்பவர்கள் அன்று மதியச் சாப்பாட்டு நேரத்திலேயே கேட்கப்போகும் கேள்வி, "இதோட முடிஞ்சுதா, இன்னும் இருக்கா?" என்பது. "இனி யாரும் போக மாட்டார்கள்" என்று எழுதும்படி முதலாளி சொல்லலாம். ஆர்டர் நிலவரம் அதைத் தாங்காது என்றால் எழுத வேண்டாம். இரண்டாவது சுற்று வந்தால், முதல் சுற்றில் சொன்னது அத்தனையும் பொய்யாகிவிடும். "கையில் இருக்கும் ஆர்டர் ஜூன் கடைசிவரை 66 பேருக்கும் வேலை தரும், ஜூன் முதல் வாரத்தில் நிலவரத்தை மறுபடி உங்களிடம் சொல்கிறேன்" என்பது போலத் தெரிந்த எல்லைவரை மட்டும் சொல்லச் சொல்லுங்கள். ஜூன் முதல் வாரத்தைக் காலண்டரில் குறித்துவையுங்கள், உங்களை விட்டால் அதை அவருக்கு நினைவுபடுத்த ஆள் கிடையாது.